ஒரே சேர், ரெண்டு முகூர்த்தம்

"கோபிக்குப் பக்கத்தில் அப்பா நடத்திய வாடகைப் பாத்திரக் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். சேர், டேபிள், ஜமக்காளம், சமையல் பாத்திரம் எல்லாம் இருக்கிறது. ஆர்டரை டைரியில் தேதி போட்டுத்தான் எழுதுகிறோம், ஆனாலும் முகூர்த்த நாட்களில் சேர் பத்தாமல் போய்விடுகிறது. டெபாசிட் எவ்வளவு வாங்குவது, லேட்டாகக் கொண்டுவந்தால் என்ன போடுவது, உடைந்தால் எப்படிப் பிடிப்பது? பாதிப் பேர் சொந்தக்காரர்கள், சண்டை வரக்கூடாது."

தம்பி, உங்கள் டைரியைப் பார்க்காமலே ஒன்று சொல்கிறேன். அதில் கல்யாணத் தேதிதான் எழுதியிருக்கும். சேர் கடையை விட்டுக் கிளம்பும் நாளும், திரும்பி வந்து அடுத்த ஆர்டருக்குத் தயாராகும் நாளும் இருக்காது. பற்றாக்குறை அங்கேதான் ஆரம்பிக்கிறது. தாமதக் கட்டணம், டெபாசிட் சண்டை இவற்றில் பாதியும் அங்கிருந்துதான் வருகிறது. நான் காங்கேயம் பக்கம் இதே தொழிலில் இருக்கிறேன். இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துத்தான் படித்தேன்.

ஒரு ஆவணி மாதம். ஞாயிறு ஒரு முகூர்த்தம், திங்கள் ஒரு முகூர்த்தம். ஞாயிற்றுக்கிழமைக்கு 400 சேர், திங்கட்கிழமைக்கு 350. என்னிடம் மொத்தம் 600 இருந்தது. நாள் வேறு, ஆள் வேறு, டைரியில் தனித்தனிப் பக்கம். இரண்டு பேரிடமும் அட்வான்ஸ் வாங்கிவிட்டேன். நம்ம பக்கம் கல்யாணம் முகூர்த்தத்தன்றா ஆரம்பிக்கிறது? முந்தின நாள் சாயங்காலமே சீர், வரவேற்பு, விருந்து எல்லாம் தொடங்கிவிடும். திங்கட்கிழமைக்காரருக்கு ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கே சேர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்காரர் மண்டபத்தில் அந்த நேரத்துக்குக் கடைசிப் பந்தியே முடியவில்லை. கையில் இருந்தது 200. மீதி 150 சேரை வேறு ஊர்க் கடையில் கேட்டு வாங்கி, டெம்போ வாடகை கொடுத்து இறக்கும்போது இரவு எட்டு மணி. பெண்ணோட மாமா ஒருத்தர் வாசலில் நின்றுகொண்டு, "ஏனுங்க, நாங்க கல்யாணத்தைத் தள்ளி வெச்சுக்கறதுங்களா?" என்று கேட்டார். அந்த ஆர்டரில் லாபம் ஒன்றும் நிற்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆர்டருக்கும் நான்கு நேரம் எழுதுகிறேன். பொருள் கிளம்பும் நேரம், விசேஷ நேரம், திரும்ப வேண்டிய நேரம், அடுத்த ஆளுக்குத் தயாராகும் நேரம். விசேஷ நேரம் வண்டிக்காரனுக்காக. நீங்கள் பிடித்து வைக்க வேண்டியது முதல் நேரத்திலிருந்து கடைசி நேரம் வரை முழுவதும்.

அந்தக் கடைசி நேரம் பொருளுக்குப் பொருள் மாறும், அதைத்தான் நிறையக் கடைக்காரர்கள் விட்டுவிடுகிறார்கள். பிளாஸ்டிக் சேர் திங்கள் மத்தியானம் வந்தால் எண்ணி, தண்ணீர் அடித்து, அன்று சாயங்காலமே மறுபடி ஏற்றிவிடலாம். சமையல் பாத்திரம் அப்படி முடியாது. எண்ணெய்ப் பிசுக்கு, அடிப்பிடித்தது எல்லாம் தேய்க்க ஆள் வர வேண்டும், அதனால் ஒரு முழு நாள் தள்ளித்தான் எழுதுவேன். ஜமக்காளம் இன்னும் மோசம். பவானி ஜமக்காளம் கெட்டியான நெசவு. பந்தியில் சாம்பார் கொட்டினால் அலசிப்போட்டு, நல்ல வெயிலில் காய ஒரு நாள் வேண்டும். ஐப்பசி மழையில் மூன்று நாள் ஆனாலும் உள்ளே ஈரம் நிற்கும். அவசரத்துக்கு அரை ஈரத்தோடு மடித்து வைத்தீர்களானால் கறுப்புப் புள்ளி விழுந்துவிடும், அப்புறம் எந்தச் சோப்புக்கும் போகாது. எனவே ஒரே ஆர்டரில் போனாலும் சேருக்கு ஒரு தேதி, தேக்சாவுக்கு ஒரு தேதி, ஜமக்காளத்துக்கு ஒரு தேதி என்று தனித்தனி வரியாக எழுதுங்கள்.

அடுத்தது இருப்பைக் கணக்குப் பார்க்கும் விதம். இதில் எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. சேர் இருந்தும் இல்லை என்று சொல்லி ஆர்டரை விட்டுவிடுவோம். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நல்ல நிலையில் 500 சேர் இருக்கிறது. ஒரு ஆர்டர் 200 சேர், 3-ஆம் தேதி முதல் 5 வரை. இன்னொன்று 250 சேர், 6 முதல் 8 வரை. இப்போது ஒருத்தர் வந்து 4 முதல் 7 வரை 220 சேர் கேட்கிறார். டைரியைப் புரட்டுகிற ஆள் என்ன செய்வார்? கேட்ட தேதிகளில் குறுக்கே வரும் இரண்டு ஆர்டரையும் கூட்டி 450 என்பார். மீதி 50தான், பத்தாது என்று அனுப்பிவிடுவார். ஆனால் அந்த 200-ம் இந்த 250-ம் ஒரே நாளில் வெளியே இருப்பதே இல்லை. நாள் நாளாகப் பாருங்கள். 4, 5 தேதிகளில் வெளியே இருப்பது 200, புதுசையும் சேர்த்தால் 420. 6, 7 தேதிகளில் 250, புதுசோடு 470. எந்த நாளிலும் 500-ஐத் தாண்டவில்லை. தாராளமாகக் கொடுக்கலாம், 30 சேர் கையிலும் நிற்கும்.

ஆக, ஆர்டர்களை மொத்தமாகக் கூட்டக்கூடாது. கேட்ட ஒவ்வொரு நாளுக்கும் எவ்வளவு வெளியே இருக்கிறது என்று பார்த்து, எந்த நாளில் மீதி ரொம்பக் குறைவோ அந்த எண்ணைத்தான் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும். பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம், கூகுள் ஷீட் போதும். A பத்தியில் பொருள், B-யில் கிளம்பும் தேதி, C-யில் பொருள் நம் கையில் இல்லாத கடைசி நாள், D-யில் எண்ணிக்கை. பக்கத்தில் G பத்தியில் வரிசையாகத் தேதிகளை இறக்கிவிட்டு, H2-வில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்.

```
=500-SUMIFS(D:D, A:A, "சேர்", B:B, "<="&G2, C:C, ">="&G2)
```

அந்தந்தத் தேதிக்கு எத்தனை சேர் மீதி என்று வந்துவிடும். கழித்தல் குறியோடு வந்தால் அன்றைக்கு இல்லாத சேரை வாக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். தேதியைத் தேதியாகவே அடியுங்கள், "ஆவணி 12 காலை" என்று எழுத்தில் அடித்தால் அந்த வரியை அது கணக்கில் எடுக்காது. A பத்தியில் ஒருத்தர் "சேர்" என்றும் இன்னொருத்தர் "சேர் வெள்ளை" என்றும் அடித்தாலும் அதே கதிதான்.

அந்த 500 என்பது வாங்கின கணக்காக இருக்கக்கூடாது, உட்காரக்கூடிய சேரின் கணக்காக இருக்க வேண்டும். என் புத்தகத்தில் 600 என்று இருந்ததை ஒருநாள் எண்ணிப் பார்த்தால் 571தான் தேறியது. அதிலும் ஒரு இருபது சேரைக் கணக்கிலேயே காட்டாமல் ஒதுக்கி வையுங்கள். மண்டபத்தில் கால் உடைந்தது, ஆள் கூட வந்துவிட்டது என்று போன் வராத முகூர்த்தம் கிடையாது.

போனில் "ஒரு தேதியைப் பிடிச்சு வெச்சுக்குங்க" என்பவர்களைப் பென்சிலில் எழுதுவேன். மூன்று நாளில் அட்வான்ஸ் வந்தால் பேனா, வராவிட்டால் அழித்துவிடுவேன், அதையும் போனிலேயே சொல்லிவிடுவேன். பங்காளியாக இருந்தாலும் இதுதான்.

சரி, இனி பணம். அட்வான்ஸ் வேறு, டெபாசிட் வேறு. அட்வான்ஸ் வாடகையில் கழியும், தேதியைப் பிடித்து வைப்பதற்கானது. டெபாசிட் பொருள் திரும்பியதும் திருப்பிக் கொடுக்க வேண்டியது. இரண்டையும் ஒரே தொகையாக வாங்கி, ஒரே ரசீதில் "அட்வான்ஸ் 5,000" என்று எழுதினால், கணக்கு முடிக்கிற அன்று அவர் ஒரு கணக்குச் சொல்வார், நீங்கள் ஒரு கணக்குச் சொல்வீர்கள். இரண்டு வரியாக எழுதுங்கள். ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் இது கட்டாயமாகவே வேண்டும். வாடகை சேவையாகக் கருதப்படுவதால் அட்வான்ஸ் வாங்கும்போதே வரிக்கணக்கில் வரும். திருப்பித் தரும் டெபாசிட்டை வாடகைக்கோ கட்டணத்துக்கோ எடுத்துக்கொள்ளாதவரை சட்டம் அதை வாடகைப் பணமாகக் கருதாது. எது எது என்று ரசீதில் இல்லாவிட்டால் ஆடிட்டர் முன்னால் நீங்கள்தான் முழிக்க வேண்டும்.

டெபாசிட் எவ்வளவு என்பதற்கு வாடகையில் பாதி, வாடகைக்குச் சமம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எனக்கு அந்த வழி சரியாகப் படவில்லை. பந்தலுக்கு வாடகை அதிகம், ஆனால் அதை நம் ஆட்களே கட்டி நம் ஆட்களே பிரிக்கிறார்கள், அதில் தொலைய ஒன்றுமில்லை. தொலைவது சின்னச் சாமான். பத்து வருஷத்தில் நான் ஒரு அண்டாவைத் தொலைத்ததில்லை. கரண்டி, கண்கரண்டி, தேக்சா மூடி, பரிமாறும் வாளி, டம்ளர் இவைதான் ஒவ்வொரு விசேஷத்திலும் கரையும். சமையல் மாஸ்டர் தன் கரண்டிக் கட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போய்விடுவார், வேண்டுமென்று செய்ய மாட்டார். விடியற்காலை நான்கு மணிக்கு ஏறி, அடுத்த மண்டபத்துக்குப் போகிறவருக்கு யார் கரண்டி எது என்று தெரியாது. ஆகவே அந்த ஆர்டரில் போகிற சின்னச் சாமான்களை மறுபடி வாங்க என்ன ஆகுமோ அதில் பாதி, அதோடு ஒரு நாள் தாமத வாடகை. இந்த இரண்டையும் கூட்டி முழுத் தொகையாக்கி டெபாசிட் வைக்கிறேன். தொலையும் சாமான் இல்லாத ஆர்டருக்கு, உதாரணமாக வெறும் சேர் ஐம்பது என்றால், டெபாசிட்டே வாங்குவதில்லை.

சொந்தக்காரர்களிடம் எப்படிக் கேட்பது என்று கேட்டீர்கள். நான் செய்வது இது. கடைச் சுவரில் போர்டு எழுதிவைத்து, எல்லாருக்கும் ஒரே அச்சடித்த ரசீது. மாமன் வந்தாலும் அதே ரசீதில் டெபாசிட் வரியில் தொகையை எழுதிவிட்டு, "மாமா, இது உங்க பணந்தான், சாமான் வந்த அன்னிக்கே குடுத்துர்றேன்" என்று சொல்லி வாங்குவேன். சொன்னபடி அன்றைக்கே எண்ணிக் கையில் கொடுத்துவிட வேண்டும். இதில்தான் கடைக்காரர்கள் பெயரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். சாமான் திரும்பி ஒரு வாரமாகியும் "அப்புறம் பாக்கலாம்" என்றால், அடுத்த முறை அவர் மட்டுமில்லை, அந்த ஊரே டெபாசிட் தராது.

இப்போது தாமதம். நம்ம பக்கம் வாடகையை நாளுக்கு இவ்வளவு என்று பேசுவதில்லை, "விசேஷத்துக்கு இவ்வளவு" என்றுதான் பேசுகிறோம். வாங்கிப்போனவர் மனசில் விசேஷம் எப்போது முடிகிறது? முகூர்த்தம் முடிந்து, மறு அழைப்பு முடிந்து, குலதெய்வம் கோயிலில் கெடா விருந்தும் போட்ட பிறகு. அவரைப் பொறுத்தவரை அவர் லேட்டே இல்லை. இதற்கு ரசீதில் ஒரே வரி போதும், "திங்கள் மத்தியானம் 12 மணிக்குள்". கிழமையும் மணியும் இருக்க வேண்டும். ஆர்டர் எடுக்கும்போதே "கோயிலுக்குக் கெடா வெட்டு இருக்குதுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இருக்கிறது என்றால் அந்த நாளையும் சேர்த்தே தேதியைப் போட்டு, அதற்குத் தக்க வாடகையை அப்போதே பேசிவிடலாம். பின்னால் வாங்கும் தாமதக் கட்டணத்தைவிட இதில் மனஸ்தாபம் குறைவு.

தாமதக் கட்டணம் எவ்வளவு? திரும்பாத பொருளுக்கு மட்டும், ஒரு நாளுக்கு ஒரு விசேஷ வாடகை. மொத்த பில்லின் மேல் போடாதீர்கள். மூன்று மணி நேரம் தாமதமானால் நான் எதுவும் பிடிப்பதில்லை, அடுத்த ஆர்டர் அந்தச் சேருக்காகக் காத்திருந்தால் தவிர. காத்திருந்தால், வேறு கடையில் எடுத்துக் கொடுத்த வாடகையும் டெம்போ செலவும் அவர் கணக்கு. அந்தப் பில்லை அவரிடம் காட்டுவேன். சிலர் ஒரு நாளைக்கு 5,000 அபராதம் என்று ரசீதில் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74-படி, எவ்வளவு பெரிய தொகை எழுதியிருந்தாலும் அதற்குள் நியாயமான நஷ்டஈடுதான் கிடைக்கும். அதே சட்டத்தின் பிரிவு 161 நமக்கு உதவுவது. குறித்த நேரத்தில் பொருளைத் திருப்பாதது வாங்கினவரின் தவறு என்றால், அந்த நேரத்துக்கு அப்புறம் பொருளுக்கு என்ன நேர்ந்தாலும் பொறுப்பு அவருடையது. புதன்கிழமை ராத்திரி சூறைக்காற்று அடித்துச் சேர் கிணற்றில் விழுந்தால்கூட. அந்த "குறித்த நேரம்" ரசீதில் மணியோடு இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

உடைந்ததற்குப் பிடிப்பதுதான் ரொம்ப நுணுக்கமான வேலை. முதலில் நம் பொருளையே சந்தேகப்பட வேண்டும். வெயிலில் வருஷக்கணக்காகக் கிடந்த பிளாஸ்டிக் சேரின் முதுகை விரலால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொடி மாதிரி ஒட்டும். அந்தச் சேர் செத்துவிட்டது. கொஞ்சம் கனமான ஆள் சாய்ந்தால் போதும், கால் பிளந்துவிடும். அதற்கு வாடிக்கையாளரிடம் பணம் பிடிப்பது பாவம். அதோடு முடியவும் இல்லை. வாடகைக்கு விட்ட பொருளில் குறை இருந்து அதனால் சேதம் வந்தால், குறை நமக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் பொறுப்பு நமக்குத்தான் என்று அதே சட்டத்தின் பிரிவு 150 சொல்கிறது. வயசானவர் விழுந்து இடுப்பு போனால் யார் பதில் சொல்வது? கேஸ் அடுப்பு, டியூப், ரெகுலேட்டருக்கும் இதுதான். பொடி ஒட்டும் சேரை ஆடி மாதமே பழைய பிளாஸ்டிக்குக்குப் போட்டுவிடுங்கள்.

உடைந்த சேர் வந்தால் உடைந்த விளிம்பைப் பாருங்கள். விளிம்பு முழுக்கப் பளிச்சென்று சுத்தமாக இருந்தால் இப்போது உடைந்தது. பாதி விளிம்பில் அழுக்கு ஏறிக் கறுத்து, மீதி பளிச்சென்று இருந்தால் ஏற்கனவே விரிசல் விட்டிருந்தது, இவர் வீட்டில் முழுசாகப் போனது. முதல் வகைக்கு மட்டும் பிடிப்பேன். அதற்கும் புதுச் சேர் விலை கேட்பதில்லை, அந்தச் சேரின் வயசுக்கு என்ன பெறுமோ அது.

பாத்திரத்தில் வேறு கதை. பித்தளை அண்டாவின் உள்ளே ஈயம் பூசியிருக்கும். ஈயம் என்று நாம் சொல்வது வெள்ளீயம், அது 232 டிகிரியிலேயே உருகிவிடும். தண்ணீர் இருக்கும்வரை அந்தச் சூடு ஏறாது. சமையல்காரர் அண்டாவைக் காலியாக அடுப்பில் வைத்துவிட்டுப் பால்காரனோடு பேசப் போனால், அடியில் ஈயம் உருகி ஒரு பக்கமாகத் திரண்டு நிற்கும், நடுவில் மஞ்சளாகப் பித்தளை தெரியும். இது தேய்மானம் இல்லை. தேய்மானம் என்றால் கரண்டி படுகிற இடமெல்லாம் பரவலாக மெலிந்திருக்கும், சொட்டாகத் திரளாது. திரண்டிருந்தால் ஈயம் பூசும் கூலியை வாங்குங்கள், அண்டா விலையை வாங்காதீர்கள். அலுமினியத் தேக்சாவில் புளிக்குழம்பை ராத்திரி முழுக்க விட்டுவைத்தால் குழி குழியாக அரித்திருக்கும். அது ஒரே ராத்திரியில் பெரிதாக வராது, பல விசேஷத்தில் சேர்ந்தது, அதனால் யாரிடமும் பிடிக்க மாட்டேன்.

தேக்சாவையும் அண்டாவையும் நம்பர் வெட்டி, எடையும் வெட்டி வையுங்கள். மூடிக்கும் அதே நம்பர். கோயில் பாத்திரம், பக்கத்துக் கடைப் பாத்திரம் எல்லாம் ஒரே சமையல்கட்டில் கலந்துவிடும்போது இதுதான் கைகொடுக்கும். சேருக்கு உட்காரும் பலகையின் அடியில் பெயின்ட் அடையாளம். கரண்டிக்குக் காம்பில் ஒரு வண்ண வளையம் போதும், அதுவும் மாஸ்டர் கண்ணில் படுகிற மாதிரி.

போன வைகாசியில் முடித்த ஒரு கணக்கைச் சொன்னால் எல்லாம் சேர்ந்து புரியும். ஞாயிறு முகூர்த்தம். 300 சேர், ஒன்றுக்கு 8 ரூபாய், 2,400. முப்பது பந்தி டேபிள் ஐம்பது ரூபாய் வீதம் 1,500. சமையல் பாத்திரம் மொத்தமாக 2,100. ஆக வாடகை 6,000. அட்வான்ஸ் 2,000 முன்னமே வாங்கியது. சனிக்கிழமை காலை ஏற்றும்போது மீதி 4,000, டெபாசிட் 5,000. ஏற்றும்போதே அவர்கள் வீட்டு ஆள் ஒருத்தரை நிறுத்திச் சேரைப் பத்துப் பத்தாகவும், கரண்டியை ஒவ்வொன்றாகவும் எண்ணிக் கையெழுத்து வாங்கினோம். போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டோம். திரும்ப வேண்டியது திங்கள் மத்தியானம் 12 மணி.

திங்கள் வந்தது 220 சேரும் மற்றதெல்லாமும். 80 சேரைக் கெடா விருந்துக்கு வைத்துக்கொண்டார்கள், ஆர்டர் எடுக்கும்போது நான் அதைக் கேட்க மறந்திருந்தேன். புதன் மத்தியானம் வந்தது. 80 சேர், இரண்டு நாள், எட்டு ரூபாய், 1,280. கரண்டி ஏழு குறைந்தது. மாஸ்டருக்குப் போன் போட்டதில் வளையம் போட்டது மூன்று அவர் கட்டில் இருந்தது, அனுப்பிவிட்டார். மீதி நான்குக்கு 180 வீதம் 720. சேர் இரண்டு உடைந்திருந்தது. ஒன்று பழைய விரிசல், விட்டுவிட்டேன். இன்னொன்று புதுசாக உடைந்தது, மூன்று வருஷத்துச் சேர், 450. மொத்தம் 2,450 போக, புதன்கிழமை சாயங்காலமே 2,550-ஐ எண்ணிக் கொடுத்தோம், கணக்கு எழுதிய துண்டுச் சீட்டோடு.

மாப்பிள்ளையின் அப்பா சீட்டைப் பார்த்துவிட்டு, "ரெண்டு சேர் ஒடஞ்சுதுன்னு பசங்க சொன்னாங்க, ஒண்ணுக்குத்தான் போட்டிருக்கறீங்க?" என்றார். பழைய விரிசலைக் காட்டினேன். அதற்கப்புறம் அந்த 1,280-ஐப் பற்றி அவர் பேசவே இல்லை. விடாமல் பேசினால் ஒரு நாள் வாடகையை விட்டுக்கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன், கேட்க மறந்தது நான்தானே. எனவே ஏதாவது விட்டுக்கொடுப்பதாக இருந்தாலும் சீட்டில் முழுத் தொகையையும் எழுதி, கீழே கழித்துக் காட்டுங்கள். எழுதாமல் விட்டுக்கொடுத்தால் விட்டுக்கொடுத்தது யாருக்கும் தெரியாது, அடுத்த முறை அதுவே வழக்கமாகிவிடும்.

டெபாசிட்டைத் தாண்டிச் சேதம் போனால் என்ன செய்வது என்றும் யோசித்திருப்பீர்கள். அந்த மாதிரி எனக்கு இரண்டு முறைதான் வந்தது. ஒன்று பந்தல் துணியில் தீப்பிடித்தது, இன்னொன்று வண்டி கவிழ்ந்தது. இரண்டிலும் ஏற்றும்போது வாங்கிய கையெழுத்தும் போட்டோவும் இருந்ததால் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசியே முடிந்தது. அது இல்லாமல் போயிருந்தால் எத்தனை ஏறியது என்பதிலேயே பேச்சு நின்றிருக்கும்.

ஆடியில் கல்யாண ஆர்டர் இருக்காது, அம்மன் கோயில் அன்னதானத்துக்குப் போகிற சாமான் மட்டும்தான் வெளியே போகும். அந்த மாதத்தில் நாலு ஆளைப் போட்டுக் குடோனை வெளியே இறக்கி ஒவ்வொன்றாக எண்ணி, அந்த எண்ணை ஷீட்டில் ஏற்றிவிட்டு ஆவணியைத் தொடங்குங்கள். நான் முதல் தடவை அப்படி எண்ணியபோது தேக்சா 31, மூடி 38 வந்தது. ஏழு மூடி யாருடையது என்று சுற்றுவட்டாரக் கடைகளில் எல்லாம் கேட்டுவிட்டேன். இன்னும் மேல் அட்டத்தில்தான் கிடக்கிறது.